கணக்காய்வாளர் போட்டது பிணைக் கையெழுத்தா? சங்க உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வவுனியாவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகத் தொடங்கினேன். இப்போது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிறிய சங்கங்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். பொதுக் கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் யாராவது என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்விகளையே இங்கே எழுதியிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

ஓடிற் முடிஞ்சு நல்ல அறிக்கை வந்திட்டுது. அப்ப களவு இல்லை எண்டுதானே?

இல்லை. அறிக்கையை எடுத்து வாசித்துப் பாருங்கள், களவு இல்லை என்று ஒரு வரிகூட இருக்காது. இருப்பது ஏறக்குறைய இதுதான்: "எமது அபிப்பிராயத்தின்படி, இந்த நிதிக்கூற்றுகள் சங்கத்தின் நிதி நிலைமையை எல்லாப் பொருண்மையான விடயங்களிலும் உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன."

கணக்காய்வாளர் பேசுவது நிதிக்கூற்றுகளைப் பற்றி. முகாமையாளர் நேர்மையானவரா, காசாளர் கைசுத்தமானவரா என்பதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அதுவும் "அபிப்பிராயம்" என்றுதான் சொல்கிறார். சும்மா மனதில் பட்டதைச் சொல்கிற அபிப்பிராயம் அல்ல, சான்றுகளைப் பார்த்து, கேட்டு, எண்ணி, ஒப்பிட்டு வந்த முடிவு. ஆனாலும் அது முடிவுதான், சத்தியக் கடதாசி அல்ல. "பொருண்மையான" என்ற சொல்லை முக்கால்வாசிப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு வருகிற சண்டை முழுக்க அதில்தான், கீழே விரிவாகச் சொல்கிறேன்.

அப்ப அவர் என்னத்துக்குக் கையெழுத்து வைக்கிறார்?

நம் ஊரில் கையெழுத்து என்றதும் பிணைதான் ஞாபகம் வரும். வங்கியில் கடன் எடுக்கப் போனால் இரண்டு பேரைக் கூட்டி வரச் சொல்வார்கள், சம்பளக்காரராக இருந்தால் நல்லது. ஒரு ஆசிரியரும் ஒரு கிராம சேவையாளரும் பிணை வைக்கிறார்கள் என்று வையுங்கள். கடன் எடுத்தவர் கட்டாமல் விட்டால் வங்கி இவர்களிடம் வரும். இவர்கள் எவ்வளவு கவனமாக ஆளை விசாரித்தார்கள் என்று வங்கி கேட்காது. கடன் கட்டுப்படவில்லை, அவ்வளவுதான் விஷயம். விளைவுக்குப் பொறுப்பேற்கிற அந்தக் கையெழுத்துத்தான் உத்தரவாதம்.

கணக்காய்வாளர் தன் வேலைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்து வைக்கிறார். நியமங்கள் சொல்கிறபடி திட்டமிட்டேன், போதிய சான்று எடுத்தேன், சந்தேகக் கண்ணோடு பார்த்தேன், அதன் பேரில் எனக்கு இப்படித் தெரிகிறது என்று சொல்கிறார். வேலையைச் சரியாகச் செய்தும் ஒரு களவு தப்பிப் போனால் அவர் பொறுப்பில்லை. வேலையை அரைகுறையாகச் செய்திருந்தால் பொறுப்பு. சங்கங்களில் நடக்கிற வாக்குவாதம் பாதி, இந்த இரண்டு கையெழுத்தையும் ஒன்றாக நினைப்பதால் வருவது.

"நியாயமான உறுதிப்பாடு" எண்டால் எத்தனை வீதம்?

இலங்கைக் கணக்காய்வு நியமங்களில் வீதம் எதுவும் இல்லை. கணக்காய்வாளர் தன் அபிப்பிராயத்தால் தருகிற உறுதிக்குத்தான் இந்தப் பெயர். 200 ஆம் இலக்க நியமம், அது உயர்ந்த மட்டத்திலான உறுதிப்பாடு, ஆனால் முழுமையானது அல்ல என்கிறது. யாராவது 95 வீதம் என்று சொன்னால், மாதிரி எடுப்பதற்குத் தாங்கள் பாவிக்கிற கணக்கைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முழு உறுதி ஏன் முடியாது என்பதற்குச் சோம்பல் காரணமில்லை. கணக்கில் உள்ள சில எண்களே மதிப்பீடுதான். வெள்ளத்தில் காலபோகம் அழிந்துபோன உறுப்பினரின் கடனில் எவ்வளவு திரும்பி வரும்? அதற்கு ஒரு எண் போட்டுத்தான் ஆகவேண்டும், ஆனால் சரியான எண் இன்னும் பிறக்கவே இல்லை. அடுத்தது, கணக்காய்வாளர் பொலிஸ் அல்ல. மேசை இலாச்சியை உடைத்துப் பார்க்கவோ, ஒருவரின் சொந்த வங்கிக் கணக்கைத் திறக்கவோ அவருக்கு அதிகாரம் இல்லை. காசாளரும் முகாமையாளரும் சேர்ந்து ஒரு கள்ளப் பற்றுச்சீட்டைத் தயாரித்தால், அது நல்ல பற்றுச்சீட்டு மாதிரியே இருக்கும். தயாரித்ததே அதற்காகத்தானே.

எல்லாப் பற்றுச்சீட்டையும் ஒண்டும் விடாமல் பார்த்தால் என்ன?

பார்த்தாலும் முழு உறுதி கிடைக்காது. எழுதப்படாத பற்றுச்சீட்டை எப்படிப் பார்ப்பது? உறுப்பினர் கட்டிய காசு சங்கப் புத்தகத்துக்கு வராமலே சட்டைப் பைக்குள் போனால், புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு சீட்டும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆயிரம் சீட்டு பார்த்தாலும் ஆயிரமும் சரி.

அதனால்தான் புத்தகத்துக்கு வெளியே போய்க் கேட்கிற வேலை இருக்கிறது. கடன் எடுத்தவர்களில் சிலரைத் தெரிவுசெய்து, "எங்கள் ஏட்டின்படி உங்கள் கடன் மீதி இவ்வளவு, சரியா?" என்று கடிதம் அனுப்புவார்கள். மீதி உறுதிப்படுத்தல் கடிதம் என்பது அதுதான். களவைப் பிடிக்கிற விஷயத்தில் நூறு வவுச்சரைவிட ஒரு கடிதம் பெறுமதி என்று நான் சொல்வேன்.

நாலு இலட்சத்துக்குக் கீழ எண்டால் கண்டுகொள்ள மாட்டினமாம். உண்மையோ?

பாதி உண்மை. பொருண்மை என்பது, ஒரு பிழை எவ்வளவு பெரிதாக இருந்தால் கணக்கை நம்பி முடிவெடுக்கிறவர் வேறு முடிவு எடுப்பார் என்கிற அளவு. அதை வேலை தொடங்கும்போதே கணக்காய்வாளர் தீர்மானிப்பார். நியமம் வீதம் சொல்வதில்லை. மொத்தச் சொத்தில் ஒரு வீதம், வருமானத்தில் ஒரு வீதம் என்று ஏதாவது ஒன்றிலிருந்து தொடங்குவது வழக்கம். 4 கோடி ரூபாய் சொத்துள்ள சங்கத்துக்கு அப்படித்தான் 4 இலட்சம் வருகிறது.

அந்த எண் அபிப்பிராயத்தை மாற்றுவதற்கான எல்லை. கண்ணில் பட்ட களவை மறைப்பதற்கான எல்லை அல்ல. களவு என்று தெரிந்தால் 20,000 ரூபாயாக இருந்தாலும் அதை உரிய மட்டத்துக்குச் சொல்லவேண்டும், பெரியவர்களே சம்பந்தப்பட்டிருந்தால் நிர்வாக சபைக்கே சொல்லவேண்டும். அதோடு சில விஷயங்கள் தொகையால் சிறிது, தன்மையால் பெரிது. தலைவர் தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட 50,000 ரூபாய்க் கடன் எந்தச் சதவீதத்துக்குள்ளும் அடங்காத சங்கதி.

ஒரு உதாரணம் சொல்லுங்கோ. நல்ல அறிக்கை வந்த சங்கத்தில எப்படிக் காசு போகும்?

எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாமல் எண்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். A9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, குளத்துக்குக் கீழே வயல் செய்கிறவர்களின் சங்கம். மொத்தச் சொத்து 4 கோடி. அதில் 2 கோடி 60 இலட்சம் உறுப்பினர்களுக்குக் கொடுத்த கடன், 640 பேரிடம் நிற்கிறது. பொருண்மை 4 இலட்சம் என்று கணக்காய்வாளர் தீர்மானித்தார். வருட முடிவில் சுத்தமான அபிப்பிராயம் கொடுத்தார். பொதுக் கூட்டத்தில் வாசித்தார்கள், கைதட்டினார்கள்.

நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு அக்கா சிறுபோகத்துக்குப் புதுக் கடன் கேட்டு வந்தார். "உங்கட பழைய கடனில 41,000 நிக்குது" என்றார்கள். அக்கா பையிலிருந்து பாஸ் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட புத்தகம், கடைசிப் பக்கத்தில் மீதி பூச்சியம், பக்கத்தில் எழுதுவினைஞரின் சின்னக் கையெழுத்து. அவர் கட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டும் வைத்திருந்தார். சீட்டு சங்கத்தின் பெயரில் அச்சடித்ததுதான். ஆனால் அந்த இலக்கமுள்ள சீட்டுப் புத்தகம் சங்கத்தின் பதிவேட்டில் இல்லை. எழுதுவினைஞர் தனியாக ஒரு புத்தகம் அச்சடித்து வைத்திருந்தார்.

பிறகு எல்லோரின் பாஸ் புத்தகத்தையும் வாங்கிப் பார்த்தார்கள். ஒன்பது பேர், மொத்தம் 3,42,000 ரூபாய். சங்கத்தின் ஏட்டில் அந்த ஒன்பது பேரும் இன்னும் கடன்காரர்கள். அவர்கள் கையில் இருந்த புத்தகத்தின்படி கட்டி முடித்தவர்கள்.

இப்போது எண்களைக் கவனியுங்கள். 3,42,000 என்பது 4 இலட்சத்துக்குக் குறைவு. அதாவது களவு நடந்திருந்தும், நிதிக்கூற்றுகளில் வெறும் தொகையாகப் பார்த்தால் பொருண்மையான பிழை இல்லை. அபிப்பிராயத்தின் வாசகம் தொகையளவில் பொய்யாகவில்லை! கூட்டத்தில் இதைச் சொன்னபோது அடிக்காத குறை. ஆனால் அறிக்கை சொன்னதும் அவ்வளவுதான்.

அப்ப அந்த ஓடிற்றரில பிழையே இல்லையோ?

பொறுங்கள், பிழை இருக்கிறது. எங்கே என்று பார்ப்போம்.

அவர் 640 பேரில் 40 பேரைத் தெரிவுசெய்து உறுதிப்படுத்தல் கடிதம் தயாரித்தார். 40 போதுமா? பதினாறு பேருக்கு ஒருவர். ஒன்பது பேரின் கணக்கில் மட்டும் பிழை இருக்கையில், குருட்டாம்போக்கில் 40 பேரை எடுத்தால் அந்த ஒன்பதில் ஒருவர்கூட அகப்படாமல் போகிற வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 56. அதாவது பாதிக்கு மேல் தடவைகளில், எந்தத் தவறும் செய்யாத கணக்காய்வாளருக்கும் இந்தக் களவு தெரியாமல் போகும். அப்படிப் போயிருந்தால் நான் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன். நியாயமான உறுதிப்பாட்டுக்கும் உத்தரவாதத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி அதுதான்.

ஆனால் நடந்தது வேறு. மாதிரியில் அந்த அக்காவின் பெயர் விழுந்திருந்தது. கடிதமும் தயாரானது. தபாலில் போடுவதற்குப் பதிலாக, "நீங்கள் ஆட்களைக் காணும்போது குடுங்கோ" என்று கட்டாக எழுதுவினைஞரிடமே கொடுத்துவிட்டார். உறைகளில் 17 திரும்பி வரவில்லை. அக்காவின் கடிதம் பின்னாட்களில் அதே எழுதுவினைஞரின் இலாச்சியில், பசை ஒட்டியது ஒட்டியபடியே கிடைத்தது.

505 ஆம் இலக்க நியமம் இதில் தெளிவானது. யாருக்கு அனுப்புவது, எந்த விலாசம், எப்படி அனுப்புவது, பதில் யார் கைக்கு வருவது, எல்லாம் கணக்காய்வாளரின் பிடியில் இருக்கவேண்டும். பதில் வராத ஒவ்வொன்றுக்கும் வேறு வழியில் சான்று தேடவேண்டும். தானே வீட்டுக்குப் போகலாம், பாஸ் புத்தகத்தைக் காட்டச் சொல்லலாம். 17 வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு நாள். நம் ஊர்த் தூரத்துக்கு அது பெரிய வேலை அல்ல.

அக்காவின் பதில் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? 41,000 ரூபாய்தானே, 4 இலட்சத்துக்கு எவ்வளவோ கீழே என்று விட முடியாது. மாதிரியில் ஒரு பிழை கண்டால் அதை முழுத் தொகுதிக்கும் பெருக்கிப் பார்க்க வேண்டும். 40 பேரில் 41,000 என்றால், பதினாறு மடங்கு, 6,56,000. இது பொருண்மையைத் தாண்டிவிட்டது. அந்த நிமிடமே அவர் கடிதங்களை அதிகப்படுத்தி, சீட்டுப் புத்தகப் பதிவேட்டை அலசி, நிர்வாக சபைக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது பேரும் அப்போதே வெளியே வந்திருப்பார்கள்.

ஆக, அபிப்பிராயத்தின் வாசகம் தற்செயலாகத் தப்பியது, வேலை தவறியது. தப்பிப் போன களவை மட்டும் வைத்துக் கணக்காய்வாளரை எடைபோடக் கூடாது, அவருடைய வேலைத்தாள்களைத் திறந்து பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

போன காசை ஓடிற்றர் கட்டுவாரோ?

அவருடைய கவனக்குறைவால்தான் இழப்பு வந்தது என்று நிரூபித்தால் வழக்குப் போட இடமுண்டு. இழப்பு வந்தது என்பது மட்டும் போதாது. முதலில் கட்டவேண்டியவர் எடுத்தவர்தான்.

இந்தக் கோடு பழையது. 1895 இல் இங்கிலாந்தில் லண்டன் அன்ட் ஜெனரல் பாங்க் வழக்கில் நீதியரசர் லிண்ட்லி, கணக்காய்வாளர் காப்புறுதிக்காரர் அல்ல, புத்தகங்கள் உண்மை நிலையைக் காட்டுகின்றன என்று அவர் உத்தரவாதம் தருவதில்லை, நியாயமான கவனமும் திறமையும் காட்டுவதே அவர் கடமை என்றார். இந்த வரியைக் கணக்காய்வாளர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த வழக்கில் கணக்காய்வாளர் தோற்றார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். வங்கியின் கடன்கள் பழுது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பணிப்பாளர்களுக்கு அதை விபரமாக எழுதினார், பங்குதாரர்களுக்குப் பட்டும்படாமலும் சொன்னார். அந்த மௌனத்துக்குத்தான் பொறுப்பாளியானார்.

நெல் மூடை எல்லாம் எண்ணிப் பார்த்தவையே. அதிலயும் ஏமாத்தலாமோ?

ஏமாற்றலாம், அதுவும் மூடை ஒன்றும் குறையாத மாதிரி. களஞ்சியத்தில் அடுக்கு ஒன்று, நீளத்தில் 8, அகலத்தில் 6, உயரத்தில் 10. முன்னால் நின்று பெருக்கினால் 480 மூடை. ஆனால் நடுவிலே பொந்து விட்டு, வெளிச் சுவரை மட்டும் அடுக்கியிருந்தால்? நடுவில் நீளத்தில் 4, அகலத்தில் 2, உயரத்தில் 9 மூடை இல்லையென்றால் 72 மூடை காற்று. மேலடுக்கு மூடியிருப்பதால் கீழே நிற்கிறவருக்குத் தெரியாது. அல்லது உள்ளே உமி மூடை இருக்கலாம்.

அனுபவமுள்ளவர் ஏணி கேட்பார். மேலே ஏறி நாலைந்து மூடையைக் கிளப்பச் சொல்வார், கம்பியைக் குத்திக் கொஞ்சம் நெல் எடுத்துப் பார்ப்பார், சிலதைத் தராசில் வைப்பார். எந்த மூடை என்று தானே காட்டுவார், சங்கக்காரர் காட்டுவதை எடுக்கமாட்டார். வெயிலில், தூசியில், தும்மலோடு செய்கிற வேலை இது.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1896 இல் கிங்ஸ்டன் கொட்டன் மில் வழக்கில், முகாமையாளர் எழுதிக் கொடுத்த இருப்புக் கணக்கைக் கணக்காய்வாளர் அப்படியே நம்பியது பிழையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. காவல் நாய், வேட்டை நாய் அல்ல என்ற புகழ்பெற்ற உவமை அங்கேதான் வந்தது. 1938 இல் அமெரிக்காவில் மக்கெஸன் அன்ட் ரொபின்ஸ் என்ற மருந்துக் கம்பனியின் கணக்கில், கோடிக்கணக்கான டொலர் பெறுமதியில் இல்லாத இருப்பும் இல்லாத கடன்காரரும் இருந்தது வெளியானது. அடுத்த வருடமே அங்கே, இருப்பு எண்ணுமிடத்தில் கணக்காய்வாளர் நிற்க வேண்டும், கடன்காரரிடம் நேரே கேட்க வேண்டும் என்பது விதியானது. "நியாயமான" என்ற சொல்லின் அளவு இப்படித்தான் காலத்தோடு கூடிக்கொண்டு வந்திருக்கிறது. 1896 இல் போதுமாயிருந்தது இன்றைக்குக் கவனக்குறைவு.

அறிக்கை நல்லம் எண்டு சொல்லினம், சங்கம் நட்டத்தில ஓடுது. எப்படி?

நட்டத்தை நட்டமென்று சரியாகக் காட்டினால் அபிப்பிராயம் சுத்தமாகத்தான் வரும். காய்ச்சல் 103 என்று வெப்பமானி சரியாகக் காட்டுகிறது, அதனால் நோயாளி சுகமென்று அர்த்தமில்லை. சங்கம் தொடர்ந்து இயங்குமா என்பதில் பெரிய ஐயம் இருந்தால், அதைத் தனித் தலைப்பில் எழுதுவார்கள். அந்தத் தலைப்பு இருந்தால் சுத்தமான அபிப்பிராயம் என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகாதீர்கள்.

எங்கட அறிக்கையில "தவிர" எண்டு ஒரு சொல் கிடக்கு. பயப்பிடவேணுமோ?

முதலில் "அபிப்பிராயத்துக்கான அடிப்படை" என்ற பந்தியை வாசியுங்கள். எதைத் தவிர என்று அங்கே இருக்கும். அறிக்கையில் உயிருள்ள பந்தி அதுதான், ஆனால் கூட்டத்தில் அதை வாசிக்காமல் கடைசி வரிக்குத் தாவிவிடுவார்கள்.

குறிப்பிட்ட ஒரு இடத்தில் பிழை, அல்லது ஒரு இடத்தில் சான்று கிடைக்கவில்லை, மற்றதெல்லாம் சரி என்றால் "தவிர" வரும். அரச அறிக்கைகளில் இதை முனைப்பழியுள்ள அபிப்பிராயம் என்று எழுதுவார்கள், வாயில் நுழையாத சொல்தான். பிழை கணக்கு முழுவதும் பரவியிருந்தால் பாதகமான அபிப்பிராயம். சான்றே போதாமல் எதையும் சொல்ல முடியாவிட்டால் அபிப்பிராயம் தர மறுப்பார்.

இந்த மூன்றாவதையும் முதலாவதையும் வன்னியில் வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். 2009 இடப்பெயர்வில் ஏடுகளை இழந்த சங்கங்கள் இருக்கின்றன. தறப்பாளையும் பிள்ளையையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு ஓடிய காலத்தில் பேரேட்டை யார் தூக்குவது? மீள்குடியேறித் திரும்பத் தொடங்கியபோது, பழைய வைப்பு எவ்வளவு, யாருக்கு எவ்வளவு கடன் என்று உறுப்பினர் வாய்மொழியையும் கையில் மிஞ்சிய பாஸ் புத்தகங்களையும் வைத்து எழுதினார்கள். அந்த ஆரம்ப மீதியைச் சரிபார்க்க வழியில்லை என்று கணக்காய்வாளர் "தவிர" போட்டால், அது களவுக் குற்றச்சாட்டு அல்ல. சான்று இல்லை என்று நேர்மையாகச் சொல்கிறார். மாறாக, ஏடே இல்லாத சங்கத்துக்குச் சுத்தமான அபிப்பிராயம் வந்தால் அதைத்தான் நான் சந்தேகிப்பேன்.

ஆனால் அதே "தவிர" பத்து வருடமாகச் சொல் மாறாமல் வந்துகொண்டிருந்தால், நிர்வாக சபையிடம் எழும்பிக் கேளுங்கள். உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் மீதியை எழுத்தில் உறுதிப்படுத்தி, பொதுக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, தேடியும் கிடைக்காத தொகையை உரிய அனுமதியோடு பதிவழித்தால் அந்தப் பழைய சிக்கலை மெல்ல மெல்ல அவிழ்க்கலாம்.

சங்கத்துக்கு ஓடிற்றரை ஆர் அனுப்பிறது?

பதிவுசெய்த கூட்டுறவுச் சங்கமென்றால், 1972 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்காய்வு நடக்க வேண்டும். கூட்டுறவுத் திணைக்களம் தானே செய்யும், அல்லது அதிகாரமளித்தவரைக் கொண்டு செய்விக்கும். கம்பனியென்றால் பங்குதாரர்கள் நியமிப்பார்கள்.

பாங்குக்குக் குடுத்த கணக்கிலயும் கணக்காளர் முத்திரை இருக்கு. அதுவும் ஓடிற்தானே?

முத்திரையைப் பார்க்காதீர்கள், வாசகத்தைப் பாருங்கள். நீங்கள் கொடுத்த தகவலை வைத்துத் தயாரித்தோம் என்று மட்டும் இருந்தால் அங்கே உறுதிப்பாடு எதுவும் இல்லை. நான் எழுதிக் கொடுக்கிற கணக்குகளில் பாதி அப்படிப்பட்டவைதான். "பிழையென்று கருதும்படி எதுவும் எமது கவனத்துக்கு வரவில்லை" என்று இருந்தால் அது மீளாய்வு, உறுதிப்பாடு உண்டு, ஆனால் மட்டுப்படுத்தப்பட்டது. "எமது அபிப்பிராயத்தின்படி" என்று நேரே சொன்னால்தான் கணக்காய்வு.

எனக்கொரு கடிதம் வந்தது, கடன் மீதி சரியோ எண்டு. மீதி சரிதான். பதில் போடவேணுமோ?

போடுங்கள். சரியென்று தெரிந்தாலும் போடுங்கள். பதில் வராத கடிதம் கணக்காய்வாளருக்குப் பாதி இருட்டு.

போடுவதற்கு முன் பாஸ் புத்தகத்தை எடுத்து, கடிதத்தில் உள்ள திகதிக்கு உங்கள் மீதி என்ன என்று பாருங்கள். இன்றைய மீதியை அல்ல. மார்ச் 31 க்குக் கேட்டிருக்கையில் ஏப்ரல் 10 இல் கட்டிய காசைக் கழித்துவிட்டுப் பிழை என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். வித்தியாசம் இருந்தால் பாஸ் புத்தகப் பக்கத்தைப் படப்பிரதி எடுத்து இணையுங்கள். பதில் உறை கணக்காய்வாளரின் விலாசத்துக்கே போகவேண்டும். "அலுவலகத்தில குடுத்தால் காணும், நாங்கள் அனுப்பிவிடுறம்" என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், தபாற்கந்தோருக்குப் போய் நீங்களே போடுங்கள். அந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டு வந்து தந்தவரே சங்கத்து எழுதுவினைஞர் என்றால், அதையும் பதிலின் கீழே ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.